184 என்ற எண்ணும் அதன் நிழலில் மறைந்த எண்களும்: ஒரு பிரஷர் நோட்டை வாசித்த அனுபவம்

பின்னணி

முக்கூடலுக்கும் ஆலங்குளத்துக்கும் இடையில் இருக்கும் ஒரு கிராமத்தில் நடந்தது இது. அரசுப் பணியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்று அதே ஊரில் குடியிருக்கிறேன். ஊசி போடுவதையும் மருந்து கொடுப்பதையும் ஓய்வோடு நிறுத்திவிட்டேன். ஆனால் ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு யாராவது வந்தால், படித்துப் பார்த்து இன்ன இடத்துக்குப் போங்கள் என்று சொல்வதுண்டு. சம்பந்தப்பட்ட அம்மாளும் அவர் வீட்டாரும் எழுதலாம் என்று சொன்ன பிறகே இதை எழுதுகிறேன்.

அந்த அம்மாளுக்கு 61 வயது. சிறுமியாக இருந்தபோதே சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றத் தொடங்கியவர், இன்றும் சுற்றுகிறார். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அவருக்கு ரத்த அழுத்தம் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். அப்போதிலிருந்து லோசார்டான் 50 மில்லிகிராம் மாத்திரையைத் தினமும் காலையில் ஒன்று போடுகிறார். 2021இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் ஒரு தன்னார்வலப் பெண் மாதம் ஒரு முறை வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போவார். அவருடைய அட்டையில் கடைசி மூன்று மாதங்களுக்கு எழுதியிருந்தவை 128/80, 132/82, 130/80. மூன்றுமே நல்ல எண்கள். பிரஷர் கட்டுக்குள் இருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் நம்பியதில் தவறில்லை.

சென்னையில் வேலை பார்க்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது டிஜிட்டல் பிரஷர் மிஷின் ஒன்று வாங்கிக் கொடுத்தார். மேல்கையில் பட்டை சுற்றிப் பார்க்கும் வகை. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி பழைய கணக்கு நோட்டு ஒன்றில் கோடு போட்டு, தேதி, மேல், கீழ், நாடி, குறிப்பு என்று ஐந்து கட்டம் பிரித்து வைத்தாள். குறிப்பு என்ற கட்டத்தைச் சேர்த்தது அவளுடைய யோசனை. பின்னால் அதுதான் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது.

கொடை முடிந்த சனிக்கிழமை இரவு

நோட்டு தொடங்கி 19 நாள் ஆகியிருந்தது. பக்கத்து ஊர் அம்மன் கோயில் கொடைக்கு வெள்ளிக்கிழமையே போனவர்கள், இரவு முழுக்க வில்லுப்பாட்டு கேட்டுவிட்டுச் சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில்தான் வீடு திரும்பியிருக்கிறார்கள். அம்மாளுக்குத் தலைவலி. மருமகள் உடனே மிஷினை எடுத்துச் சுற்றிப் பார்த்தபோது 184/104 என்று காட்டியது. மிஷின் தவறாகக் காட்டுகிறதோ என்று மறுபடி பார்த்தார், 179. இன்னொரு முறை, 188. ஒரு மணி நேரத்துக்குள் ஒன்பது தடவை பார்த்துவிட்டார்கள். கார் சொல்லிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோகலாம் என்று ஒருவர் சொல்ல, இன்னொரு மாத்திரை போட்டுவிடலாம் என்று மற்றொருவர் சொல்ல, இரவு பத்தேகாலுக்கு என்னைக் கூப்பிட ஆள் வந்தது.

நான் போனபோது அம்மாள் தரையில் சம்மணமிட்டு, முதுகு வளைந்து, பட்டை சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆறு பேர். மிஷின் காற்றை அடித்துக்கொண்டிருந்த நேரத்திலேயே அவர் என்னிடம், “நர்சம்மா, எனக்கு என்னமோ ஆகப்போகிறது” என்று பேசிக்கொண்டிருந்தார்.

மிஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு முதலில் சில கேள்விகள் கேட்டேன். நெஞ்சில் வலியோ இறுக்கமோ இருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, ஒரு பக்கம் கையோ காலோ மரத்தோ சோர்ந்தோ இருக்கிறதா, பார்வை மங்குகிறதா, இரண்டாகத் தெரிகிறதா என்று கேட்டேன். சிரிக்கச் சொல்லி வாய் ஒரு பக்கம் கோணுகிறதா என்று பார்த்தேன். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு கை தாழ்கிறதா என்று கவனித்தேன். பேச்சு குழறவில்லை. தலைவலியும் திடீரென்று இடிபோல இறங்கியதல்ல. தூக்கம் கெட்ட நாளில் வழக்கமாக வருவதுதான் என்றார்.

இவற்றில் ஒன்று இருந்திருந்தாலும் அடுத்த அளவுக்குக் காத்திருக்காமல் 108ஐ அழைத்திருப்பேன். பிரஷர் 180க்கு மேலோ, கீழ் அளவு 120க்கு மேலோ போய், கூடவே இந்த அறிகுறிகளில் ஒன்றும் இருந்தால், மூளையோ இதயமோ அந்த நேரத்திலேயே பாதிக்கப்படுகிறது என்று கொள்ள வேண்டும். வாய் கோணுவது, கை சோர்வது, பேச்சு குழறுவது போன்றவை மிஷின் நல்ல எண்ணைக் காட்டும்போது வந்தாலும் அவசரம்தான். அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால், முதலில் அந்த எண்ணைச் சரிபார்க்க நேரம் உண்டு.

அறையைக் காலி செய்யச் சொன்னேன். அவர் சிறுநீர் கழித்துவிட்டு வந்தார். முதுகு சாய்கிற நாற்காலியில் உட்காரவைத்து, பாதம் இரண்டும் தரையில் படவைத்து, பக்கத்தில் தையல் மிஷின் மேசையை இழுத்துப் போட்டு, அதன்மேல் தலையணை வைத்துக் கையை நெஞ்சு உயரத்துக்குக் கொண்டுவந்தேன். ரவிக்கைக் கை மடிப்புக்கு மேல் சுற்றியிருந்த பட்டையைக் கழற்றி வெறும் தோலில் சுற்றினேன். பத்து நிமிடம் யாரும் பேசவில்லை. அதன்பிறகு 162/94. ஒரு நிமிடம் விட்டு மறுபடி பார்த்தபோது 158/92.

கொடைக்குப் போன அவசரத்தில் அன்று காலை மாத்திரையை எடுத்துப் போகவில்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. சனிக்கிழமை மாத்திரையை மட்டும் அந்நேரம் போடச் சொன்னேன். அதற்கு மேல் கூடுதலாக எதுவும் வேண்டாம் என்று திட்டமாகச் சொன்னேன். முன்பெல்லாம் இப்படி ஏறினால் நாக்கின் அடியில் மருந்து வைத்து அவசரமாக இறக்குவார்கள். அப்படித் திடீரென்று இறக்கும்போது மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்து பக்கவாதமே வந்துவிடக்கூடும் என்பதால் அந்த வழக்கம் கைவிடப்பட்டது. வீட்டில் இருக்கிற மாத்திரையைக் கூடுதலாகப் போடுவதிலும் அதே ஆபத்து உண்டு. இரவு யாராவது கூடவே படுத்துக்கொள்ளுங்கள், சொன்ன அறிகுறிகளில் ஏதாவது வந்தால் உடனே 108 என்று சொல்லிவிட்டு, நோட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் காலை 150/90, தலைவலி போயிருந்தது. ஓய்வெடுத்துப் பார்த்தும் 180க்கு மேலேயே நின்றிருந்தால், அறிகுறி இல்லாவிட்டாலும் மறுநாளே மருத்துவரிடம் அனுப்பியிருப்பேன்.

நோட்டை வாசித்தபோது தெரிந்தவை

நோட்டில் 31 பதிவுகள். வீட்டார் கண்ணுக்கு அதில் தெரிந்தது 184 ஒன்றுதான். நான் அந்த எண்ணை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பதிவும் எப்போது, எதற்காக எடுக்கப்பட்டது என்று பார்க்கத் தொடங்கினேன்.

பேத்தியின் குறிப்புக் கட்டம் அதற்கு உதவியது. ‘தலைவலி’, ‘கிறுகிறுப்பு’, ‘பீடிக்கடையில் இருந்து வந்ததும்’, ‘சித்தப்பாவோடு சண்டை’ என்று எழுதியிருந்தாள். 31இல் 14 பதிவுகள் இப்படிப்பட்டவை. உடம்பு சரியில்லாதபோதோ மனம் கலங்கியிருந்தபோதோ பார்த்தவை. தலை வலிக்கும்போது பிரஷர் ஏறும். ஏறியதைப் பார்த்த பயத்தில் இன்னும் ஏறும். இந்த எண்களின் சராசரியை எடுத்தால், அம்மாளின் மோசமான நேரங்களின் சராசரிதான் கிடைக்கும். அவருடைய சாதாரண நாளின் அழுத்தம் கிடைக்காது. அந்த 14ஐயும் தள்ளிவைத்தேன்.

இன்னும் 11 பதிவுகள் மருமகளின் கையெழுத்தில் இருந்தன: 140/90, 150/90, 130/80, 140/80. ஒன்று விடாமல் பூஜ்யத்தில் முடிந்தன. டிஜிட்டல் மிஷின் அப்படிக் காட்டாது. 137 வரும், 144 வரும், 151 வரும். தொடர்ந்து பதினொரு தடவை பூஜ்யத்தில் முடிந்திருந்தால், யாரோ எண்ணை முழுமையாக்கி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். கேட்டதற்கு, “காலையில் பார்ப்பேன், எழுத நேரம் இருக்காது, ராத்திரி நினைவு வைத்து எழுதுவேன்” என்றார் மருமகள். சமையல், பள்ளிக்கூடம், கூலி வேலை என்று ஓடுகிறவர் அவர். குறை சொல்ல எதுவும் இல்லை. மிஷினிலேயே பழைய அளவுகள் பதிந்திருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தி ஒவ்வொன்றாகப் பின்னால் போனோம். கடிகாரத்தை யாரும் சரிசெய்து வைக்காததால் தேதி ஜனவரி 1இலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. இருந்தாலும் வரிசையை வைத்துப் பொருத்த முடிந்தது. நோட்டில் 140/90 என்று இருந்த ஒரு நாளில் மிஷின் சொன்னது 147/88. 140க்கும் 147க்கும் உள்ள இடைவெளியில்தான் மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்ற கேள்வியே இருக்கிறது.

மிச்சம் ஆறு. பேத்தி பள்ளிக்கூட பஸ் வருவதற்கு முன்னால், காலை ஆறரை வாக்கில், ஆச்சி மாத்திரை போடுவதற்கு முன்பு எடுத்தவை. மிஷினில் உள்ளபடியே எழுதியிருந்தாள். ஆறும் 142க்கும் 155க்கும் இடையில் இருந்தன.

இந்த ஆறும் எடுக்கப்பட்ட விதமும் குறையுள்ளதுதான். தரையில் உட்கார்ந்து கையை மடியில் வைத்தால், கை நெஞ்சுக்குக் கீழே ஒரு சாண் அளவுக்குத் தாழ்ந்துவிடும். பத்து சென்டிமீட்டர் தாழ்ந்தால் ஏறக்குறைய 7 அல்லது 8 புள்ளி கூடுதலாகக் காட்டும். பேசினால் அதற்கு மேலும் ஏறும். ஆகவே 150 என்பதை 150 என்று நான் நம்பவில்லை. ஆனாலும் ஆறு அமைதியான காலைகளில் ஆறும் ஒரே பக்கம் சாய்ந்திருந்ததை அலட்சியப்படுத்தவும் முடியவில்லை. தன்னார்வலரின் அட்டையில் 130, பேத்தியின் காலைக் கணக்கில் 150. தன்னார்வலர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டேன். பதினொரு மணிக்கு என்றார்கள். ஏழரைக்கு மாத்திரை போட்டு மூன்றரை மணி நேரம் கழித்து, மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருக்கும் நேரம் அது.

ஏழு நாள் முறையாக

டாக்டரிடம் போகலாமா என்று முடிவு செய்ய இந்த நோட்டு போதாது, ஒரு வாரம் சரியாக எடுத்துப் பார்ப்போம் என்று சொன்னேன். அறிகுறி எதுவும் இல்லை, அமைதியாக எடுத்த அளவுகள் 160ஐ ஒட்டி அல்லது அதற்குக் கீழே இருந்தன என்பதால்தான் ஒரு வாரம் காத்திருக்கத் துணிந்தேன்.

தையற்காரரின் டேப்பால் மேல்கையின் நடுவில் சுற்றளவு எடுத்தேன், 30 சென்டிமீட்டர். பட்டையின் ஓரத்தில் 22–32 என்று அச்சிட்டிருந்தது. பட்டை பொருந்துகிறது. கை 34, 35 என்று இருந்து இதே பட்டையைச் சுற்றியிருந்தால், எல்லா அளவும் பொய்யாக ஏறியே காட்டியிருக்கும். அப்போது பெரிய பட்டை வாங்காமல் இந்த வாரமே வீண். மிஷினின் கடிகாரத்தையும் சரிசெய்தோம்.

காலையில் எழுந்து சிறுநீர் கழித்த பிறகு, கருப்பட்டிக் காப்பிக்கும் வெற்றிலைக்கும் மாத்திரைக்கும் முன்னால், நாற்காலியில் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். பிறகு ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு அளவு. மாலையில் சுளகை இறக்கி வைத்து அரை மணி நேரம் கழித்து, சாப்பாட்டுக்கு முன்னால், அதேபோல இரண்டு அளவு. தலை வலித்தால் அதற்காகத் தனியாகப் பார்க்க வேண்டாம். மிஷினில் வந்ததை அப்படியே, அப்போதே எழுத வேண்டும். இவ்வளவுதான். தலை வலிக்கும்போது பார்க்கக் கூடாது என்பதுதான் அந்த வீட்டுக்குக் கடினமாக இருந்தது. மருமகள், “அத்தைக்கு ஏறியிருக்குமோ என்று கை துடிக்கிறது” என்று மூன்றாம் நாள் வந்து சொன்னார். அறிகுறிகளின் பட்டியலைப் பேத்தியிடம் எழுதிக் கொடுத்துச் சுவரில் ஒட்டச் சொன்ன பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது.

முதல் நாள் அளவுகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. புதுப் பழக்கத்தின் பதற்றத்தில் அவை பெரும்பாலும் சற்று ஏறியே இருக்கும். மிச்சம் ஆறு நாளில், ஒவ்வொரு வேளையும் எடுத்த இரண்டின் சராசரி இப்படி வந்தது.

காலை: 152/90, 146/87, 149/89, 144/86, 150/88, 147/88.
மாலை: 131/80, 128/78, 134/82, 127/77, 130/79, 130/78.

காலைச் சராசரி 148/88. மாலைச் சராசரி 130/79. இரண்டையும் சேர்த்தால் 139/83.5.

போக வேண்டுமா என்ற முடிவு

வீட்டில் எடுக்கும் அளவுக்கு எல்லைக்கோடு 135/85. ஆஸ்பத்திரியில் பார்க்கும் 140/90க்கு ஈடானது இது. வீட்டில் அமைதியாக இருக்கும்போது அழுத்தம் சற்றுக் குறைவாக இருக்கும் என்பதால் கோடும் கீழே இருக்கிறது. பலர் வீட்டு நோட்டையும் 140ஐ வைத்தே பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்திருந்தால், இந்த அம்மாளின் 139ஐ ‘பரவாயில்லை’ என்று விட்டிருப்போம். மேல், கீழ் இரண்டில் ஒன்று கோட்டைத் தாண்டினாலே தாண்டியதுதான். இங்கே கீழ் அளவு 85க்குள் இருப்பது மேல் அளவை ஈடுகட்டாது.

மொத்தச் சராசரி கோட்டை நான்கு புள்ளிதான் தாண்டியிருந்தது. அதோடு நிறுத்தியிருந்தால், உப்பைக் குறைத்து ஒரு மாதம் பார்க்கலாம் என்றுகூடச் சொல்லியிருப்பேன். காலையையும் மாலையையும் பிரித்துப் பார்த்ததால்தான் சேதி தெரிந்தது. மாத்திரை போட்ட நாளின் பிற்பகுதியில் நல்ல கட்டுப்பாடு. அடுத்த மாத்திரைக்கு முந்தைய நேரத்தில் 148. ஆறு நாளும் அப்படியே. லோசார்டான் சிலருக்கு முழுமையாக 24 மணி நேரம் தாங்குவதில்லை. விடியற்காலையில் உடம்பு தானாகவே அழுத்தத்தை ஏற்றும் நேரத்தில் மருந்தின் பலம் தேய்ந்திருந்தால் இப்படி வரும். பதினொரு மணிக்குப் பார்க்கிற யார் கண்ணிலும் இது படாது.

எனவே டாக்டரைப் பார்க்க வேண்டும், ஆனால் அவசரம் இல்லை, இந்த வாரத்துக்குள் போனால் போதும் என்று சொன்னேன். நோட்டோடு மிஷினையும் எடுத்துப் போகச் சொன்னேன். ஒரு தாளில் காலை, மாலைச் சராசரிகளைத் தனித்தனியாகவும், மாத்திரையின் பெயரையும் போடும் நேரத்தையும், கொடை இரவில் நடந்ததை இரண்டு வரியிலும் எழுதிக் கொடுத்தேன். கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் மூன்று வாரப் பதிவுகளைப் புரட்ட எந்த மருத்துவருக்கும் நேரம் இருக்காது. இரண்டு சராசரியை ஒரு பார்வையில் படித்துவிடலாம்.

மருத்துவர் கண்டது

மருத்துவர் முதலில் வீட்டு மிஷினாலும் தன்னுடைய கருவியாலும் அடுத்தடுத்துப் பார்த்தார். மூன்று புள்ளிதான் வித்தியாசம். நோட்டை நம்பலாம் என்று அதன்பிறகே ஏற்றுக்கொண்டார். பிறகு, நான் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: “பிரஷர் மாத்திரை தவிர வேறு என்ன மாத்திரை போடுகிறீர்கள்?”

அம்மாள் சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்தார். பாதி காலியான ஒரு மாத்திரை அட்டை, டைக்ளோபினாக். நாள் முழுக்கக் குனிந்து பீடி சுற்றினால் இரவில் கழுத்தும் முதுகும் கடுக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கி வாரத்தில் நான்கு ஐந்து இரவு போட்டு வந்திருக்கிறார். பல மாதமாகவே. அவரைப் பொறுத்தவரை அது மருந்துக் கணக்கில் வராது. வலி மாத்திரை, அவ்வளவுதான்.

இந்த வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தங்கவைத்து அழுத்தத்தை ஏற்றும். லோசார்டானின் வேலையையும் மழுங்கடிக்கும். இரண்டும் சேர்ந்து சிறுநீரகத்துக்கும் சுமை. மருத்துவர் ரத்தத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும், சிறுநீரில் புரதமும் பார்க்கச் சொன்னார். மூன்றும் அளவுக்குள் இருந்தன. இன்னும் இரண்டு ஆண்டு இப்படியே போயிருந்தால் என்ன வந்திருக்கும் என்று எனக்கு மனம் பதறியது.

பிரஷர் மருந்தை அன்று அவர் மாற்றவில்லை. வலி மாத்திரையை நிறுத்தி, தேவைப்பட்டால் பாரசிட்டமால் மட்டும் என்று எழுதினார். இரண்டு வாரம் கழித்து அதே முறையில் ஒரு வாரம் எடுத்து வரச் சொன்னார். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. தேவையில்லாத கூடுதல் மருந்தை ஆயுளுக்கும் போடும்படி ஆகிவிடும் என்று அவர் சொன்ன காரணம் எனக்கு மிகவும் சரியாகப் பட்டது.

அதன்பிறகு

டைக்ளோபினாக் இல்லாத மூன்றாவது வாரத்தில் காலைச் சராசரி 141/85, மாலை 129/78. காலையில் ஏழு புள்ளி இறங்கியிருந்தது. வலி மாத்திரைக்குப் பங்கு இருந்தது. ஆனால் முழுக்காரணம் அது மட்டும் அல்ல.

இப்போது மருத்துவர் லோசார்டானை அப்படியே வைத்து, இரவில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் சேர்த்தார். உடம்பிலிருந்து மெதுவாக வெளியேறும் மருந்து என்பதால் அது விடியற்காலையையும் தாங்கும். கணுக்காலில் வீக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொன்னார். மாலை அளவு ஏற்கெனவே நன்றாக இருந்ததால், எழுந்து நிற்கும்போது அழுத்தம் மிகவும் இறங்கிவிடக் கூடாதே என்ற கவலையும் அவருக்கு இருந்தது. அதனால் நான்கு வாரம் கழித்து உட்கார்ந்தும், எழுந்து நின்று மூன்று நிமிடத்துக்குள்ளும் பார்த்தார். நின்றபோது மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் மருந்தைத் திரும்ப யோசிக்க வேண்டும். அம்மாளுக்கு ஆறுதான் இறங்கியது, கிறுகிறுப்பும் இல்லை. அந்த வாரத்தின் வீட்டுக் கணக்கு: காலை 131/79, மாலை 124/75.

முதுகு வலி தீரவில்லை. பாரசிட்டமால் பாதிதான் கேட்கிறது என்கிறார். சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, சுளகைச் சிறு பலகைமேல் உயர்த்தி வைத்துச் சுற்றப் பழகியிருக்கிறார். தினம் சுற்றும் கணக்கைக் குறைக்க அவரால் முடியாது. கூலி அதில்தான் இருக்கிறது. இதில் எனக்கு இன்னும் மனம் ஒப்பவில்லை.

இப்போது இருந்தால் எப்படிச் செய்திருப்பேன்

வலி மாத்திரையை நான் தவறவிட்டேன். கொடை இரவிலேயே “மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா” என்று கேட்ட நான், “வேறு என்ன போடுகிறீர்கள்” என்று கேட்கவில்லை. பேத்தியின் குறிப்புக் கட்டத்தில் மூன்று இடத்தில் ‘முதுகு வலி’ என்று இருந்தது. அதைப் பிரஷர் பார்த்த காரணமாக மட்டும் வாசித்துவிட்டு, வலிக்கு என்ன செய்தார் என்று நினைக்கத் தவறினேன். கேட்டிருந்தால், ஏழு நாள் தொடங்குமுன்பே மருத்துவரிடம் அனுப்பியிருக்கலாம். இப்போது யார் நோட்டைக் கொண்டுவந்தாலும், வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அத்தனையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வரச் சொல்கிறேன். மூட்டு வலிக்கு, சளிக்கு, நாட்டு மருந்து என்று எதுவானாலும் சேர்த்து.

நல்ல எண்ணைக் காட்டிய அட்டையையும் நான் மணி கேட்காமல் நம்பியிருக்கக் கூடாது. இந்த ஊரில் எத்தனையோ பேருக்கு மாதாந்திர அளவு பதினொரு மணிக்குத்தான் எடுக்கப்படுகிறது. காலையில் மாத்திரை போடுகிறவர்களிடம் இப்போது, மாதத்தில் ஒரு வாரமாவது விடியற்காலை அளவு எடுக்கச் சொல்கிறேன். மிஷின் இல்லாதவர்கள் சுகாதார நிலையத்துக்குப் போகும் நாளில் பிரஷர் பார்த்த பிறகு மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு அப்படிச் செய்கிறார்கள்.

அம்மாளின் வீட்டில் மிஷின் இப்போது தினமும் வெளியே வருவதில்லை. மருத்துவரிடம் போகும் நாளுக்கு முந்தைய ஏழு நாள் மட்டும் பேத்தி அதை அலமாரியிலிருந்து எடுக்கிறாள். நாற்காலியும் தையல் மேசையும் சுவரோரம் அதே இடத்தில் இருக்கின்றன. நோட்டில் குறிப்புக் கட்டத்துக்குப் பக்கத்தில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்ந்திருக்கிறது. அதன் தலைப்பு, ‘வேறு மாத்திரை’.